நல்ல ரிப்போர்ட், கரையும் உடம்பு: டயாலிசிஸ் நோயாளியின் உணவை மதிப்பிடுவது எப்படி

நாள்பட்ட நோய்களுக்கான உணவு முறைகளைச் செவிலியர் மாணவர்கள் பெரும்பாலும் அட்டவணையாகவே படிக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு ஒரு கட்டம், இதய நோய்க்கு ஒரு கட்டம், சிறுநீரக நோய்க்கு ஒரு கட்டம். தேர்வுக்கு அது போதும், வார்டுக்குப் போதாது. மூன்றாவது கட்டம் குறிப்பாகப் போதாது. சிறுநீரகம் செயலிழந்தவரின் உணவு ஒரே உணவு அல்ல. டயாலிசிஸ் தொடங்கும் நாளில் அதன் முக்கியமான விதி ஒன்று தலைகீழாகிறது. அந்த மாற்றம் நோயாளியின் வீட்டுச் சமையலறைக்குப் போய்ச் சேராமலே போவதுதான் இத்துறையில் அன்றாடம் நடக்கும் பிழை. இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தப் பிழையால் மெலிந்துகொண்டே போகிறவரின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றிவருகிறது: டயாலிசிஸில் இருப்பவர் சரியாகச் சாப்பிடுகிறாரா என்பதை எதை வைத்து அறிவது?

முதலில் அந்தத் தலைகீழ் மாற்றம். 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் தொடர் டயாலிசிஸைச் சாத்தியமாக்கினார். ஆனால் இயந்திரம் எல்லோருக்கும் கிடைக்காத காலம் அது. இத்தாலியில் ஜியோர்டானோ 1963இலும், ஜியோவன்னெட்டி, மாஜியோரே இருவரும் 1964இலும் புரதத்தை நாளுக்குச் சுமார் 20 கிராம் அளவுக்குச் சுருக்கி, யூரியா சேர்வதையும் குமட்டலையும் குறைத்துக் காட்டினார்கள். சிறுநீரக நோய் என்றால் புரதத்தைக் குறை என்ற பாடம் அங்கிருந்து வேர்விட்டது. பின்னால் வந்த ஆய்வுகள் அதைத் தளர்த்தின. 1994இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், மிதமான சிறுநீரக நோயில் புரதத்தைக் குறைத்தால் நோயின் வேகம் தெளிவாகக் குறைகிறது என்று சொல்ல முடியவில்லை. இன்றும் வழிகாட்டிகள் முழுதாக ஒத்துப்போகவில்லை. டயாலிசிஸுக்கு முந்தைய கட்டத்தில், சர்க்கரை நோய் இல்லாதவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.55 முதல் 0.60 கிராம் புரதம் என்கிறது கேடோக்கி அமைப்பின் 2020 வழிகாட்டி. கேடிகோவின் 2024 வழிகாட்டி 0.8 கிராம் என்கிறது.

டயாலிசிஸ் தொடங்கியபின் இந்தச் சர்ச்சைக்கு இடமில்லை. கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை என்று கேடோக்கி சொல்கிறது. காரணம் எளிது. ஹீமோடயாலிசிஸ் வடிகட்டி யூரியாவை மட்டும் பொறுக்கி எடுப்பதில்லை, அமினோ அமிலங்களையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு போகிறது. ஒரு அமர்வில் 6 முதல் 12 கிராம் வரை அப்படிப் போகலாம். வயிற்றுவழி டயாலிசிஸில் நாளுக்கு 5 முதல் 15 கிராம் புரதம் பை நீரோடு வெளியேறும். அதோடு டயாலிசிஸ் உடம்பில் ஒரு அழற்சியைக் கிளப்பி, தசைப் புரதம் சிதைவதையும் கூட்டுகிறது. நேற்றுவரை பருப்பைக் குறைக்கச் சொன்ன அதே மருத்துவமனை, இன்று முட்டை சாப்பிடு என்று சொல்லியாக வேண்டும். சொல்கிறார்கள், ஒருமுறை. ஊசியும் குழாயும் பயமுறுத்திக்கொண்டிருக்கும் முதல் வாரத்தில், பத்து அறிவுரைகளுக்கு நடுவே பதினோராவதாக. வீட்டில் பத்தியம் என்று ஒருமுறை பிடித்துக்கொண்டால் அது லேசில் தளராது. மருமகளோ மனைவியோ பயத்தோடு காப்பாற்றும் பத்தியம் இன்னும் தளராது.

ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். பாடத்துக்காக உருவாக்கிய ஆள்தான், ஆனாலும் டயாலிசிஸ் பிரிவில் சில மாதம் வேலை பார்த்த எவருக்கும் முகம் தெரிந்தவர். வயது 52, நெசவாளி, உயரம் 162 சென்டிமீட்டர். உயர் ரத்த அழுத்தத்தால் சிறுநீரகம் செயலிழந்தது, சர்க்கரை நோய் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வாரம் இருமுறை ஹீமோடயாலிசிஸ். தொடங்கி எட்டு மாதம் ஆகிறது, சிறுநீர் இப்போது ஏறக்குறைய இல்லை. தொடங்கிய மாதத்தில் அவருக்குக் குறித்த ட்ரை வெயிட் 54 கிலோ. இன்றும் ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் 54 கிலோவுக்கே கொண்டுவருகிறார்கள்.

அவருடைய பரிசோதனை முடிவுகளைப் பாருங்கள். எட்டு மாதத்தில் டயாலிசிஸுக்கு முந்தைய யூரியா 130இலிருந்து 78க்கு வந்திருக்கிறது. கிரியாட்டினின் 10.8இலிருந்து 7.1க்கு. பொட்டாசியம் 5.4இலிருந்து 4.3க்கு. பாஸ்பரஸ் 5.6இலிருந்து 3.4க்கு. குடும்பத்தார் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். கிரியாட்டினின் குறைந்துவிட்டது, இனி டயாலிசிஸை நிறுத்திவிடலாமா என்றுகூடக் கேட்கிறார்கள். மேலோட்டமாகப் பார்க்கும் இளம் மருத்துவர், உணவுக் கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார்.

இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தால் படம் மாறும். கிரியாட்டினின் தசையிலிருந்து பிறக்கிறது. சிறுநீரே போகாதவருக்கு, அதே டயாலிசிஸ் அளவில், கிரியாட்டினின் குறைகிறது என்றால் அதை உண்டாக்கும் தசை குறைந்திருக்கிறது என்று பொருள். யூரியா புரதத்திலிருந்து வருவது, எனவே அதன் சரிவு புரதம் உள்ளே போகவில்லை என்பதைச் சொல்கிறது. பொட்டாசியமும் பாஸ்பரஸும் தட்டில் இருந்தால்தான் ரத்தத்தில் ஏறும். நான்கும் ஒன்றாகச் சரிந்தால் அது கட்டுப்பாடு அல்ல, பட்டினி. 1990இல் லவுரியும் லூவும் 12,000க்கும் மேற்பட்ட அமெரிக்க டயாலிசிஸ் நோயாளிகளின் பதிவுகளை அலசியபோது, அல்புமின் குறைவாக இருந்தவர்களே அதிகம் இறந்தார்கள் என்று கண்டார்கள். கிரியாட்டினினிலும் குறைவாக இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம். மற்றவர்களுக்கு எது நல்ல எண்ணோ அதுவே இவர்களுக்குக் கெட்ட எண் என்பதை அந்த ஆய்வுக்குப் பிறகும் வார்டுகள் மெதுவாகத்தான் ஏற்றுக்கொண்டன.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. சிறுநீர் மீண்டும் வரத் தொடங்கினாலும், டயாலிசிஸ் நேரத்தைக் கூட்டினாலும் கிரியாட்டினின் குறையும். ஆகவே சிறுநீர் அளவையும் அமர்வு நேரத்தையும் முதலில் கேட்டுவிட்டுத்தான் தசையைச் சந்தேகிக்க வேண்டும். நம் நெசவாளிக்கு இரண்டிலும் மாற்றமில்லை.

சரி, தசை போயிருந்தால் எடை குறைந்திருக்க வேண்டுமே? 54 கிலோ அப்படியே இருக்கிறதே? இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதற்கான பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ட்ரை வெயிட் என்பது அளந்து கண்ட எடை அல்ல, மதிப்பிட்டு எழுதிய எடை. உடம்பில் கூடுதல் நீர் எதுவும் இல்லாதபோது இந்த ஆள் இவ்வளவு இருப்பார் என்று ஒரு நாள் கணித்தது. அவர் நான்கு கிலோ தசையும் கொழுப்பும் இழந்தபிறகும் இயந்திரத்தில் பழைய 54ஐயே இலக்காக வைத்தால், காலியான இடத்தை நீர் நிரப்பிக்கொள்ளும். தராசு 54 காட்டும். உள்ளே 50 கிலோ மனிதரும் 4 லிட்டர் நீரும் இருக்கலாம்.

இதைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் செவிலியரின் பதிவேட்டிலேயே இருக்கின்றன, அவற்றைச் சேர்த்துப் படிப்பவர்தான் இல்லை. இவருக்கு டயாலிசிஸுக்கு முந்தைய ரத்த அழுத்தம் எட்டு மாதத்தில் 140இலிருந்து 170க்கு ஏறியிருக்கிறது. மாத்திரை ஒன்று கூட்டப்பட்டிருக்கிறது. 54ஐத் தொட்ட பிறகும் கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. இரவில் இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறார். முதல் மாதங்களில் அமர்வின் கடைசி அரைமணியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், இப்போது பிடிப்பதே இல்லை. அதையும் முன்னேற்றம் என்றுதான் எண்ணினார்கள். உண்மையில் அவர் ட்ரை வெயிட்டின் பக்கத்தில்கூடப் போவதில்லை.

ஆக, தராசும் ரத்தப் பரிசோதனையும் இரண்டுமே ஏமாற்றும்போது வேறு எதை நம்புவது? கருவிகள் பல உள்ளன, எல்லாவற்றிலும் ஓட்டைகள் உண்டு.

அல்புமின் இவருக்கு 3.9இலிருந்து 3.3க்கு இறங்கியிருக்கிறது. அல்புமின் குறைந்தால் புரதம் குறைவு என்று பாடப் புத்தகங்கள் எழுதிய காலம் உண்டு. இன்று அதை அப்படி ஒற்றை வரியில் சொல்வதில்லை. கழுத்துக் கேத்தீட்டரில் கிருமி புகுந்தால், உணவு ஒரு பருக்கை குறையாமலே அல்புமின் விழும், ஏனெனில் அழற்சியின்போது கல்லீரல் அதன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. உடம்பில் நீர் கூடினாலும் அது நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும். தவிர, அதன் அரை ஆயுள் சுமார் 20 நாள். இன்று ஊட்டினால் அடுத்த வாரப் பரிசோதனையில் தெரியாது. அல்புமின் ஒரு எச்சரிக்கை மணி. எதற்கான எச்சரிக்கை என்பதை அது சொல்லாது.

பிஎம்ஐயின் நிலை இன்னும் சிக்கலானது. சர்வதேசச் சிறுநீரக ஊட்டச்சத்துச் சங்கம் 2008இல் வகுத்த வரையறையில் 23க்குக் கீழ் என்றால் ஒரு குறி. நம்மூரில் நல்ல ஆரோக்கியத்தோடு நெசவுத் தறியில் உட்காரும் பலர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். ஆசிய மக்களில் சிலருக்குக் குறைந்த எல்லை பொருந்தலாம் என்று அந்தக் குழுவே சொல்லியிருக்கிறது. இவருக்கு 54 கிலோவில் 20.6. நீரைக் கழித்தால் இன்னும் கீழே. தனி எண்ணாக அது அதிகம் பேசாது. அதே ஆள் ஆறு மாதத்துக்கு முன் எப்படி இருந்தார் என்பதோடு ஒப்பிடும்போதுதான் பேசும்.

கையும் கண்ணும் கொண்டு செய்யும் மதிப்பீடே இங்கு மிகவும் உதவுவது என்பது என் கருத்து. டொராண்டோவில் டெட்ஸ்கி குழுவினர் 1987இல் வெளியிட்ட அகநிலை முழு மதிப்பீடு, பின்னால் வயிற்றுவழி டயாலிசிஸ் நோயாளிகளுக்காக ஏழு புள்ளி அளவாக மாற்றப்பட்டது. எடை மாற்றம், உண்ணும் அளவு, வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகள், அன்றாட வேலை செய்யும் திறன் ஆகியவற்றைக் கேட்டுவிட்டு, உடம்பைத் தொட்டுப் பார்த்து ஒன்றிலிருந்து ஏழுவரை மதிப்பிடுகிறோம். ஆறும் ஏழும் நல்ல நிலை, மூன்றிலிருந்து ஐந்துவரை மிதமான குறைவு, ஒன்றும் இரண்டும் கடுமையானது. இதோடு சில ஆய்வு எண்களையும் சேர்த்து, 2001இல் கலந்தர்-ஸாதே குழு உருவாக்கிய மதிப்பெண் முறை பூஜ்ஜியத்திலிருந்து முப்பதுவரை போகும். அதில் எண் கூடினால் நிலை மோசம். இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும் ஒரே ஆள் ஒரே முறையில் மீண்டும் மீண்டும் செய்தால்தான் பயன். ஆளுக்கு ஆள் ஒரு புள்ளி வேறுபடுவது சாதாரணம்.

தொட்டுப் பார்ப்பதை எங்கே தொடங்குவது? நெற்றிப்பொட்டில் தொடங்குங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் அந்த இடம் குழிந்திருக்கிறதா? காறை எலும்பு துருத்துகிறதா? பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே பொதுவாக மேடாக எழும் தசை, மெலிந்தவருக்குத் தட்டையாகவோ குழியாகவோ இருக்கும். காலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே நீர் வந்து தசையின் இடத்தில் நடிக்கும். நீர் கடைசியாகச் சேரும் மேல் உடம்பே நம்பத்தக்கது. இவருடைய நெற்றிப்பொட்டு குழிந்திருக்கிறது, சட்டையின் தோள் தொங்குகிறது, கணுக்காலோ வீங்கியிருக்கிறது. ஒரே உடம்பில் இரண்டும் இருப்பதே நோயறிதல். அவருக்கு நான்கு புள்ளி.

மேல்கைச் சுற்றளவுக்கு ஒரு நாடா போதும். ஃபிஸ்டுலா இல்லாத கையில், டயாலிசிஸ் முடிந்தபிறகு அளக்க வேண்டும். ஃபிஸ்டுலா கை ரத்த ஓட்டத்தால் தடித்திருக்கும், டயாலிசிஸுக்கு முந்தைய கையில் நீர் இருக்கும், இரண்டும் தவறான ஆறுதலைத் தரும். தோள்பட்டை முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் குறித்து, கையைத் தொங்கவிட்டு, நாடா தோலை அழுத்தாமல் சுற்ற வேண்டும். தோல்மடிப்புக் காலிப்பர் இருந்தால் தசையைத் தனியே கணக்கிடலாம்: சுற்றளவிலிருந்து, 3.14ஆல் பெருக்கிய பின்கைத் தோல்மடிப்பைக் கழிப்பது. இவருக்கு எட்டு மாதத்துக்கு முன் சுற்றளவு 25 சென்டிமீட்டர், தோல்மடிப்பு 0.9 சென்டிமீட்டர். 25 − (3.14 × 0.9) = 22.2. இப்போது 22.5 − (3.14 × 0.8) = 20.0. மேல்கைத் தசைச் சுற்றளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போயிருக்கிறது. தராசு மறைத்ததை நாடா சொல்லிவிட்டது. கைப்பிடி வலுவை அளக்கும் கருவி இருந்தால் அதுவும் இதையே சொல்லும். கருவி இல்லாத இடத்தில், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று பார்ப்பது ஒன்றுமில்லாததைவிட மேல்.

இனி தட்டு. உணவு வரலாறு கேட்பதில் டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு தனி விதி உண்டு. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று மட்டும் கேட்டால் போதாது. டயாலிசிஸ் நாள் ஒன்று, டயாலிசிஸ் இல்லாத நாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று என்று மூன்றையும் கேட்க வேண்டும், ஏனென்றால் இந்த நாட்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. கேள்வியும் திறந்ததாக இருக்கட்டும். ‘பருப்பு சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால், திட்டு விழுமோ என்று பயந்து இல்லை என்பார். ‘காலையில் எழுந்ததும் முதலில் வாயில் போட்டது என்ன?’ என்று தொடங்கி நாளோடு நடந்து போனால் உண்மை தானாக வரும். சமைப்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கரண்டி அளவு அவருக்குத்தான் தெரியும்.

டயாலிசிஸ் இல்லாத நாளில் இவர் காலையில் மூன்று இட்லி சாப்பிடுகிறார், கொஞ்சம் தேங்காய்ச் சட்னியோடு. சாம்பார் இல்லை, பருப்பு ஆகாது என்று. மதியம் ஒரு பெரிய கிண்ணம் சோறு, ரசம், வேகவைத்து வடித்த காய், நீர்மோர். மாலையில் தேநீர், இரண்டு பிஸ்கட். இரவு இரண்டு தோசை. புரதக் கணக்கு: காலையில் சுமார் 7 கிராம், மதியம் 8, மாலையில் இரண்டரை, இரவு 5. மொத்தம் 22 அல்லது 23 கிராம். கலோரி ஏறக்குறைய 950. டயாலிசிஸ் நாளில் இதுவும் இல்லை. விடியற்காலைப் பேருந்துக்கு முன் ஒரு காபியும் பிஸ்கட்டும். நான்கு மணிநேரம் இயந்திரத்தில். திரும்பி வரப் பிற்பகல் இரண்டு மணி, தலை கனத்துப் படுத்துவிடுகிறார். எழுந்து அரைக் கிண்ணம் தயிர்ச்சோறு, இரவு இரண்டு இட்லி. புரதம் சுமார் 11 கிராம். அன்று இயந்திரம் எடுத்துக்கொண்டதும் அவர் சாப்பிட்டதும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி.

அவருக்குத் தேவை எவ்வளவு? பழைய 54 கிலோவை வைத்தே கணக்கிடலாம், மீட்க நினைப்பது அந்த உடம்பைத்தான். கிலோவுக்கு 1.0 முதல் 1.2 என்றால் 54 முதல் 65 கிராம் புரதம். கலோரி கிலோவுக்கு 25 முதல் 35 என்பது வழிகாட்டி. 30 என்று வைத்தால் 1,620. புரதம் பாதிக்கும் கீழே, கலோரி அறுபது சதவீதத்துக்குக் கீழே. கலோரியைச் சரிசெய்யாமல் புரதத்தை மட்டும் கூட்டினால், உடம்பு அந்தப் புரதத்தையே எரித்துவிடும். எனவே இரண்டும் சேர்ந்தே உயர வேண்டும்.

உணவை மாற்றுவதற்கு முன் ஒரு நிறுத்தம் தேவை. ஏன் இவ்வளவு குறைவாகச் சாப்பிடுகிறார்? பத்தியம் ஒரு காரணம். ஆனால் பசியே இல்லை என்றால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். போதாத டயாலிசிஸே பசியைக் கொல்லும், வாரம் இருமுறை மட்டும் செய்பவரிடம் இது முதல் சந்தேகம். ரத்தத்தில் பைகார்பனேட் 22க்குக் கீழே இருந்தால் தசை கரையும். மலச்சிக்கல், பல் வலி, வாயில் எப்போதும் உலோகச் சுவை, வேலை போன மனச்சோர்வு, தீராத கிருமித் தொற்று என்று பட்டியல் நீளும். இவற்றைக் கண்டு மருத்துவருக்குச் சொல்வதும் ஊட்டச்சத்து மதிப்பீட்டின் பகுதிதான். இவருக்குப் பைகார்பனேட் 19 என்று வந்தது. சோடியம் பைகார்பனேட் மாத்திரையும் மூன்றாவது அமர்வுக்கான ஏற்பாடும் மருத்துவரின் வேலை. பல மையங்களில் மூன்றாவது அமர்வு படுக்கை கிடைக்காமலோ பேருந்துச் செலவாலோ தள்ளிப்போகும்.

உணவுத் திட்டம் அவருடைய வீட்டிலிருந்தே தொடங்கட்டும். இருக்கும் 22 கிராமைத் தொடாமல் மேலே சேர்ப்பதுதான் எளிது. மூன்று முட்டை வெள்ளைக்கரு 11 கிராம் புரதம் தரும். பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள் கருவில் இருப்பதால் வெள்ளைக்கரு இவர்களுக்குக் கிட்டத்தட்டத் தோதான புரதம். ரசத்துக்குப் பதில் ஒரு கிண்ணம் கெட்டியான சாம்பார் அல்லது கூட்டு 6 கிராம், ரேஷன் துவரம் பருப்பிலேயே இது முடியும். 75 கிராம் மீன் அல்லது கோழி சுமார் 15 கிராம். சேர்த்தால் 54. மீன் தினமும் வாங்க முடியாத வீட்டில், அந்த நாட்களில் இன்னும் இரண்டு வெள்ளைக்கருவும் கொஞ்சம் தயிரும். சைவராக இருந்தால் பனீர், தயிர், பருப்பு ஆகியவற்றைக் கொண்டு எட்டுவது கடினமாகும், புரதப் பொடி தேவைப்படலாம். கலோரிக்கு எண்ணெய்தான் மலிவான வழி. நாளில் நான்கு தேக்கரண்டி கூட்டினால் 180 கலோரி. தோசையில் இரண்டு, பொரியலில் இரண்டு என்றால் வயிறு நிறையாமலே உள்ளே போய்விடும். மாலை பிஸ்கட்டுக்குப் பதில் சர்க்கரை சேர்த்த அவல் அல்லது சேமியா. அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை என்பதை மறந்துவிட்டு இனிப்பையும் தடுத்து வைத்திருந்தார்கள். சர்க்கரை நோயும் இருப்பவருக்கு இந்தப் பகுதி வேறுமாதிரி அமையும். அவருக்கு ரத்தச் சர்க்கரை தாழ்ந்தால் இளநீரோ ஆரஞ்சுச் சாறோ கொடுக்காமல் குளுக்கோஸ் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

டயாலிசிஸ் நாளுக்குத் தீர்வு வேறு. இயந்திரத்தில் இருக்கும்போது சாப்பிடலாமா என்பது நெடுநாள் சர்ச்சை. சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குத் திரும்பி அழுத்தம் விழும், புரையேறும், எறும்பு வரும் என்று பல மையங்கள் தடை செய்தன. சர்வதேசச் சிறுநீரக ஊட்டச்சத்துச் சங்கம் 2018இல், பொருத்தமான நோயாளிகளுக்கு இதை ஊக்குவிக்கலாம் என்று சொன்னது. எனக்குச் சரியாகப் படுவது நடுவழி. அமர்வில் அழுத்தம் விழும் வழக்கம் உள்ளவருக்கு வேண்டாம். மற்றவருக்கு முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள், உட்கார்ந்த நிலையில், சிறு டப்பா உணவு. இவருக்கு இரண்டு வெள்ளைக்கருவும் இரண்டு இட்லியும். பேருந்தில் திரும்பும்போது சாப்பிட இன்னொரு டப்பா, கோழித் துண்டு போட்ட சோறு. டப்பா கட்டுவது யார், எத்தனை மணிக்கு எழுந்து என்பதையும் பேசி முடித்துவிட வேண்டும். அதைப் பேசாத திட்டம் தாளிலேயே நின்றுவிடும். இப்படியும் எட்டாதபோதுதான் வாய்வழிச் சத்து பானம். அதையும் குறைந்தது மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தே முடிவு செய்யச் சொல்கிறது கேடோக்கி.

எதைத் தளர்த்துவது, எதை இறுக்குவது? பொட்டாசியத்தைத் தளர்த்தலாம். எல்லோருக்கும் ஒரே எண்ணைப் புதிய வழிகாட்டி விதிப்பதில்லை, ரத்த அளவைப் பார்த்து உணவை மாற்றச் சொல்கிறது. இவருக்கு 4.3 என்பதால் பருப்புக்கு இடமிருக்கிறது. பிறகு ஏறினால் காயைச் சிறிதாக நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து வடிக்கலாம். வெறுமனே ஊறவைப்பதைவிட அது நன்றாகப் பொட்டாசியத்தை இழுக்கும். வடித்த நீரை வீணாக்க மனமில்லாமல் ரசத்தில் ஊற்றிவிடும் வீடுகள் உண்டு, கேட்டுவிடுங்கள். ‘லோ சோடியம்’ என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால் அது இவர்கள் வீட்டுக்குள் வரவே கூடாது.

இறுக்க வேண்டியது உப்பு. நாளுக்கு 5 கிராம், அதாவது வழித்த ஒரு தேக்கரண்டி, சமையலில் போட்டது எல்லாம் சேர்த்து. தண்ணீரைக் குறை என்று திட்டுவதால் யாருக்கும் தாகம் அடங்குவதில்லை. உடம்பில் தங்கும் 8 கிராம் உப்பு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைப் பிடித்துவைக்கும், அந்த லிட்டரைக் குடிக்கும்வரை தாகம் விடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் நிறுத்தினால் இரு அமர்வுகளுக்கு இடையே ஏறும் எடை தானாகவே இறங்கத் தொடங்கும். ட்ரை வெயிட்டின் 4 சதவீதம், இவருக்குச் சுமார் 2 கிலோ, அதற்குள் நின்றால் நல்லது. ரசமும் மோரும் கஞ்சியும் நீர்க்கணக்கில் சேரும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. ரசத்தைக் கெட்டிக் குழம்பாக மாற்றியதில் புரதம் ஏறியது போலவே நீரும் கொஞ்சம் மிச்சமாகிறது.

இதே வேளையில் மருத்துவர் ட்ரை வெயிட்டை அமர்வுக்கு 300 முதல் 500 கிராம் என்று மெல்ல இறக்குகிறார். செவிலியர் ஒவ்வொரு முறையும் அழுத்தம், பிடிப்பு, கணுக்கால், மூச்சு நான்கையும் எழுதுகிறார். 50.5 கிலோவில் கணுக்கால் வீக்கம் மறைந்தது, அழுத்தம் 145க்கு வந்தது, கூட்டிய மாத்திரையை நிறுத்த முடிந்தது. வீட்டில் பயந்துபோனார்கள், மூன்றரைக் கிலோ இளைத்துவிட்டாரே என்று. போனது நீர், தசை முன்பே போய்விட்டது என்று மேல்கை அளவைக் காட்டித்தான் விளக்க வேண்டியிருந்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தபோது சுற்றளவு 23.2. உணவு வரலாற்றில் புரதம் 50 கிராம் பக்கம், டயாலிசிஸ் நாளில் 40. ட்ரை வெயிட்டை இப்போது மேல்நோக்கித் திருத்த வேண்டும், சேர்ந்த சதையை நீர் என்று எண்ணி இயந்திரம் உறிஞ்சத் தொடங்கினால் கால் பிடிப்பும் அழுத்தச் சரிவும் வரும். ரத்தப் பரிசோதனையோ மோசமாகத் தெரிகிறது: யூரியா 118, கிரியாட்டினின் 8.6, பொட்டாசியம் 5.0, பாஸ்பரஸ் 5.9. பழைய பட்டியலை எடுத்துவந்து முட்டையை நிறுத்தச் சொல்ல யாராவது ஒருவர் நிச்சயம் முன்வருவார். யூரியாவும் கிரியாட்டினினும் ஏறுவது இங்கே வரவேற்கத்தக்கது. பொட்டாசியத்தைக் கவனித்தால் போதும். பாஸ்பரஸுக்கு மட்டும் ஏதாவது செய்ய வேண்டும், அதுவும் புரதத்தைத் தொடாமல். கோலா வகைப் பானங்களிலும் பாக்கெட் இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட் பெரும்பாலும் அப்படியே உடம்பில் ஏறிவிடும். பருப்பில் உள்ளதில் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் ஏறுகிறது, எனவே வெட்டுவது பாக்கெட்டிலிருந்து தொடங்கட்டும். பிறகு மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார் பயிற்சிச் செவிலியர். பாஸ்பரஸைப் பிடிக்கும் மாத்திரையை நெசவாளி காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். சாப்பாடு அப்போது வயிற்றில் இல்லை. அந்த மாத்திரை ரத்தத்துக்குள் போய் வேலை செய்வதில்லை, குடலில் உணவோடு கலந்தால்தான் பாஸ்பரஸைப் பிடிக்கும். மீனும் குழம்பும் இருக்கும் மதியச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு ஒன்று, டப்பாவிலும் ஒன்று கட்டி அனுப்புங்கள் என்று மனைவியிடம் சொல்லி, பதிவேட்டில் மணியை அடித்துவிட்டு ‘சாப்பாட்டோடு’ என்று எழுதினார்.